ஜன்னல் திறந்திருந்தாலும் ஆபத்துதான்: வராந்தாவில் ஓடும் ஜெனரேட்டரும் கார்பன் மோனாக்சைடும்

"ஜெனரேட்டரை அறைக்குள்ளே வைக்கவில்லை, வராந்தாவில்தான் வைத்தோம். ஜன்னலும் திறந்துதான் இருந்தது." ஜெனரேட்டர் புகையால் ஆட்கள் மயங்கி விழுந்த வீடுகளில் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் அலட்சியக்காரர்கள் அல்ல. மழையில் நனையாமல் இருக்கட்டும், யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கட்டும், சத்தம் தெருவுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று யோசித்துத்தான் அங்கே வைக்கிறார்கள். கொஞ்சம் காற்று வந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் அவர்களை ஏமாற்றுகிறது. எவ்வளவு காற்று வந்தால் போதும் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. அந்தக் கணக்கைத்தான் இங்கே நிதானமாகப் போடப் போகிறோம்.

## அந்த வாயு எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள கார்பன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். பற்றாக்குறையாக இருந்தால் எரிதல் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ உறுத்துவதும் இல்லை.

சிறிய ஜெனரேட்டர்களில் இருப்பது பெரும்பாலும் கார்புரேட்டர் வைத்த எளிய எஞ்சின். திணறாமல் ஓடவும், எஞ்சின் அதிகம் சூடாகாமல் இருக்கவும், தேவைக்குச் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் கலக்கும்படி அதை அமைத்திருப்பார்கள். பெட்ரோல் கூடினால் ஆக்சிஜன் பற்றாது. கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வரும். இன்றைய கார்களில் இந்த வாயுவைப் புகைக்குழாயிலேயே மாற்றிவிடும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற பாகம் இருக்கிறது. பெரும்பாலான சிறிய ஜெனரேட்டர்களில் அது கிடையாது. அதனால் கையில் தூக்கிப் போகும் அளவுள்ள ஒரு ஜெனரேட்டர், நல்ல நிலையில் உள்ள நூற்றுக்கணக்கான கார்கள் வெளியிடும் அளவுக்கு கார்பன் மோனாக்சைடைக் கக்க முடியும். மணிக்குச் சில நூறு கிராமில் இருந்து ஒரு கிலோவுக்கு மேல் வரை வருவது சாதாரணம்.

சத்தம் குறைந்த இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் பாதுகாப்பானது என்று ஒரு பேச்சு உண்டு. குறைந்தது சத்தம்தான், உள்ளே எரிவது அதே பெட்ரோல். டீசல் எஞ்சினில் இந்த வாயு குறைவாக வரும் என்பது உண்மை. ஆனால் மூடிய இடத்தில் வைப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

## ஒரு வராந்தாவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அடியில் சின்ன ஓட்டை உள்ள தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது. ஓட்டை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது, ஆனாலும் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது. மட்டம் ஏற ஏற அழுத்தம் கூடி, ஓட்டை வழியாகப் போகும் தண்ணீரும் கூடும். வருவதும் போவதும் சமமாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும். ஓட்டை சின்னதாக இருந்தால் அந்த மட்டம் மிக உயரத்தில் இருக்கும்.

ஜெனரேட்டர்தான் குழாய், வராந்தாதான் தொட்டி, ஜன்னல்தான் ஓட்டை. ஜன்னல் திறந்திருப்பதால் வாயு வெளியே போவது நிஜம். கேட்க வேண்டிய கேள்வி, மட்டம் எங்கே போய் நிற்கும் என்பதுதான்.

கணக்குக்கு ஒரே ஒரு அளவு தேவை. காற்றைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு இந்த வாயு என்பதை பிபிஎம் என்பார்கள். வீட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாத அளவாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருப்பது ஏறத்தாழ 30 பிபிஎம். 1,200 பிபிஎம் என்பதை, உயிருக்கு உடனடி ஆபத்துள்ள அளவு என்று தொழிலிடப் பாதுகாப்புத் துறையில் குறித்திருக்கிறார்கள்.

இப்போது 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு வராந்தா. உள்ளே 27 கன மீட்டர் காற்று இருக்கும். ஜெனரேட்டர் மணிக்கு 500 கிராம் கார்பன் மோனாக்சைடு வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய எண் அல்ல. நடுத்தரத்துக்கும் கீழே என்றே சொல்லலாம்.

எல்லாம் மூடியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 270 பிபிஎம் ஏறும். அதாவது ஐந்தே நிமிடத்தில் 1,300-ஐத் தாண்டிவிடும். ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு, உள்ளே போய் ஃப்ரிட்ஜையும் விளக்கையும் ஓயரில் மாட்டிவிட்டுத் திரும்பும் நேரம்தான் அது.

சரி, ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். வராந்தாவின் மொத்தக் காற்றும் மணிக்கு 10 முறை மாறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் கால் மணி நேரத்தில் 1,400 பிபிஎம்முக்கு மேல் ஏறி, கடைசியில் 1,600-ஐ ஒட்டி நிற்கும். ஜன்னல் செய்த உபகாரம், ஐந்து நிமிடத்தில் எட்ட வேண்டிய அளவைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத் தள்ளிப்போட்டது மட்டுமே. ஜன்னலோடு வெளிக்கதவையும் விரியத் திறந்து, காற்று மணிக்கு 30 முறை மாறினாலும் மட்டம் 540 பிபிஎம்மில் நிற்கும். அதுவும் மணிக்கணக்கில் சுவாசித்தால் ஆளைச் சாய்க்கும் அளவுதான்.

மட்டத்தை 30 பிபிஎம்மில் நிறுத்த எவ்வளவு காற்று வேண்டும்? மணிக்குச் சுமார் 14,300 கன மீட்டர். வராந்தாவின் மொத்தக் காற்றும் ஏழு விநாடிக்கு ஒருமுறை முழுவதுமாக மாற வேண்டும். இதைச் செய்யக்கூடிய வராந்தா என்றால் அதற்குச் சுவர் இருக்கக் கூடாது. மின்விசிறியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ வைத்து இந்த அளவை எட்ட முடியாது.

இதில் நான் விட்டுவிட்ட ஒன்று, நிலைமையை இன்னும் மோசமாக்கும். மூடிய இடத்தில் எஞ்சின் ஓட ஓட அங்குள்ள ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் எரிதல் இன்னும் அரைகுறையாகும். அதே எஞ்சின் முன்பைவிட அதிகமாக கார்பன் மோனாக்சைடைக் கக்கும். குழாயை யாரோ மேலும் மேலும் திறந்துகொண்டே போவது போல.

சுருக்கமாக: ஜன்னல் திறந்திருப்பதால் வாயு சேராமல் இருக்காது, கொஞ்சம் தாமதமாகச் சேரும். ஆபத்தான மட்டத்துக்கும் பாதுகாப்பான மட்டத்துக்கும் இடையே இருப்பது ஐம்பது மடங்கு இடைவெளி. அதை ஜன்னல் அடைக்காது.

## கதவைச் சாத்தியாயிற்றே, உள்ளே எப்படி வரும்

கார்பன் மோனாக்சைடின் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான். அதனால் தரையில் படிந்து கிடக்காது, கூரையோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. காற்றோடு கலந்து, காற்று போகும் இடமெல்லாம் போகும். வராந்தாவுக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள கதவைச் சாத்தினாலும் அடியில் விரலளவு இடைவெளி இருக்கும். ஜெனரேட்டர் ஓயரை உள்ளே கொண்டுபோக அந்தக் கதவைத்தான் அரைகுறையாகச் சாத்தியும் வைத்திருப்பார்கள்.

அந்த இடுக்கு வழியாக மணிக்கு 10 கன மீட்டர் காற்று, 30 கன மீட்டர் உள்ள ஒரு படுக்கையறைக்குள் போகிறது என்று வைத்தால், மேலே பார்த்த 1,600 பிபிஎம் வராந்தாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் அறைக்குள் சுமார் 450 பிபிஎம் சேர்ந்துவிடும். மூன்று மணி நேரத்தில் 1,000-ஐ ஒட்டி வரும். அதற்குள் வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றாலும் உடனே சரியாகாது. மூடிய அறையில் சேர்ந்த வாயு மணிக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

சிலர் சைலன்சரில் ஒரு குழாயை மாட்டி ஜன்னல் வழியாக வெளியே விடுகிறார்கள். இது கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கும், அதனால்தான் இதைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறேன். தூக்கிச் செல்லும் ஜெனரேட்டரின் சைலன்சர் அப்படிக் குழாய் மாட்டுவதற்காக வடிவமைத்தது அல்ல. சூட்டிலும் அதிர்விலும் இணைப்பு தளர்ந்து கசியும். குழாய் நீண்டால் புகை வெளியேறத் தடை ஏற்பட்டு எஞ்சின் திணறும். முன்பே பார்த்தோம், திறந்த ஜன்னலே போதாத அளவுக்கு வாயு வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் அந்த வராந்தா 30 பிபிஎம்மைப் பல மடங்கு தாண்டிவிடும்.

## உடம்புக்குள் நடப்பது

நுரையீரலில் இருந்து ஆக்சிஜனை உடம்பு முழுக்கக் கொண்டுபோவது, ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதம். ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் அதே இடத்தில் கார்பன் மோனாக்சைடும் பிடித்துக்கொள்ளும், அதுவும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக. அதனால் காற்றில் சிறிதளவே இருந்தாலும் மூச்சுக்கு மூச்சு ஹீமோகுளோபினில் இடம் பிடித்துக்கொண்டே போகும். மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் எளிதில் விட்டுக்கொடுக்காதபடி செய்துவிடும். அதிக ஆக்சிஜன் கேட்கும் மூளையும் இதயமும் முதலில் தவிக்கும்.

முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அப்புறம் குழப்பம், கைகால் தளர்ச்சி, மயக்கம். 1,600 பிபிஎம் காற்றில் இருபது நிமிடத்தில் தலைவலியும் குமட்டலும் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் உயிர் போகலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள் இதைவிட வேகமாகப் பாதிக்கப்படுவார்கள். வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தாயைவிட ஆபத்து கூடுதல்.

## மூச்சு முட்டினால் எழுந்துவிட மாட்டோமா?

மாட்டோம். இந்த ஒரு தவறான நம்பிக்கைதான் தூக்கத்திலேயே பல உயிர்களை எடுத்திருக்கிறது.

மூச்சை அடக்கிப் பார்த்தால் சற்று நேரத்தில் தவிப்பு வரும் அல்லவா? அந்தத் தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் ரத்தத்தில் கூடும் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் குறைவு அல்ல. கார்பன் மோனாக்சைடு ஏறும்போது நாம் வழக்கம்போல் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்போம், கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் தவிப்பு எழாது. விழித்திருப்பவருக்கும் 'கொஞ்சம் தலை வலிக்கிறது, படுத்தால் சரியாகிவிடும்' என்றுதான் தோன்றும். நிலைமை புரிவதற்குள் எழுந்து கதவுவரை நடக்கும் தெம்பு போயிருக்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இங்கே கைகொடுக்காது. சாதாரண ஆக்சிமீட்டர், ஹீமோகுளோபின் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அதால் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கும் நிலையில் இருந்தாலும் 98 என்று காட்டலாம். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்து.

காய்ச்சல், ஃபுட் பாய்சன் என்று நினைத்துவிடுவதும் உண்டு. கவனித்தால் வேறுபாடு தெரியும்: காய்ச்சல் இருக்காது, வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வரும், வெளியே போய் நின்றால் சற்றுக் குறையும், உள்ளே வந்தால் மறுபடி கூடும்.

## அப்படியானால் எங்கே வைப்பது

வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில், கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி. இருபது அடி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இது குறைந்தபட்சம், இடமிருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். நம் படுக்கையறையைக் காப்பாற்றி அவர்கள் படுக்கையறைக்குள் விடுவதில் நியாயமில்லை.

தூரம் மட்டும் போதாது, புகை வரும் திசையும் முக்கியம். சைலன்சரின் வாய் வீட்டுக்கு முதுகு காட்டும்படி திருப்பி வையுங்கள். காற்று வீட்டிலிருந்து ஜெனரேட்டரை நோக்கி அடிக்கும் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். காற்று திசை மாறினால் இடத்தை மாற்றவும் தயாராக இருங்கள். ஜெனரேட்டர் இருக்கும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிடுவது நல்லது. மற்றச் சூழலில் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள், இங்கே அந்தப் பக்கம் மட்டும் நேர்மாறு.

கராஜ், பால்கனி, மாடிப்படி அடி, கிரில் போட்ட வராந்தா, இரண்டு சுவருக்கு நடுவே உள்ள சந்து, கூரைக்கு அடியில் மூன்று பக்கம் அடைத்த இடம் எதுவும் வேண்டாம். கராஜின் ஷட்டர் முழுவதும் திறந்திருந்தாலும் வேண்டாம். மூன்று சுவர் உள்ள இடத்தில் காற்று சுழன்று, புகையை வீட்டுப் பக்கமே திருப்பிவிடும்.

தூரத்தில் வைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் ஓயர் எட்டாததுதான். அதனால் ஜெனரேட்டர் வாங்கும் அன்றே நீளமான ஓயரையும் வாங்கிவிடச் சொல்வேன். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் என்றால் சுமார் 9 ஆம்பியர் ஓடும். வெளியில் பயன்படுத்தும் தடித்த உறை போட்ட, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஓயர் 20 மீட்டருக்குத் தாராளமாகத் தாங்கும். சுருளில் வருவதாக இருந்தால் முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்; சுருளாகவே விட்டால் உள்ளே சூடேறி உறை உருகும். ஜெனரேட்டருக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக ஓயரை உள்ளே விட்டு, மிச்ச இடுக்கைத் துணியோ ஸ்பாஞ்சோ வைத்து அடைத்துவிடுங்கள்.

மழைதான் அடுத்த காரணம். நனைந்த ஜெனரேட்டரில் ஷாக் அடிக்கும் என்ற பயம் நியாயமானதே. அதற்காக உள்ளே இழுத்து வருவது, ஒரு ஆபத்தை விட்டு அதைவிடப் பெரிய ஆபத்தைப் பிடிப்பது. ஓடும்போதே மூடுவதற்கென்று தயாரித்த, பக்கங்கள் திறந்த ஜெனரேட்டர் கூடாரம் கிடைக்கிறது. நான்கு பக்கமும் திறந்த, வீட்டை ஒட்டாத ஒரு கொட்டகையும் உதவும். இரண்டும் இல்லையென்றால் மழை விடும்வரை அணைத்து வைப்பதுதான் வழி. திருட்டுக்கு ஒரு தடித்த சங்கிலியும் பூட்டும் போதும், சுவர் தேவையில்லை.

ஆக, இடத்துக்கு மூன்றே விஷயம்: 6 மீட்டருக்கு மேல் தூரம், வீட்டுக்கு எதிர்த்திசையில் புகை, சுற்றிலும் திறந்த வெளி. இந்த மூன்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டு அதை ஈடுகட்டாது.

## அலாரம் எங்கே, எப்படி

சரியான இடத்தில் வைத்தாலும் காற்று திசை மாறலாம். அதனால் வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியம். புகை அலாரம் வேறு, இது வேறு. பெட்டியில் CO என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கரண்ட் போன நேரத்தில்தான் இது தேவை என்பதால் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். தூங்கும் இடங்களுக்குப் பக்கத்தில், தூக்கத்திலும் சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு. பின்பக்கம் போட்டிருக்கும் தேதி கடந்தால் பட்டனை அழுத்தும்போது சத்தம் வந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

பொதுவான தரத்தில் தயாரித்த அலாரம் 70 பிபிஎம்மில் உடனே கத்தாது. ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் கத்தும். 400 பிபிஎம்மில் 4 முதல் 15 நிமிடத்துக்குள் கத்தும். அதாவது அலாரம் கத்தாதவரை எல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை. கத்திவிட்டால் ஏற்கனவே சிறிது நேரமாக வாயு சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வாயு கூடினால் தானாக நின்றுவிடும் ஜெனரேட்டர்களும் இப்போது வருகின்றன. நல்ல ஏற்பாடுதான், வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆனால் அந்த சென்சார் ஜெனரேட்டரைச் சுற்றியுள்ள காற்றைத்தான் பார்க்கும். வெளியே வைத்த ஜெனரேட்டரின் புகை ஜன்னல் வழியாகப் படுக்கையறையில் சேர்வது அதற்குத் தெரியாது.

## யாருக்காவது தலை சுற்றினால்

முதல் வேலை, வீட்டில் உள்ள எல்லோரையும் வெளியே கொண்டுவருவது. ஜன்னலைத் திறப்பது, ஜெனரேட்டரை அணைப்பது, காரணம் தேடுவது எல்லாம் அதற்குப் பிறகு. தூங்குகிறவர்களையும் எழுப்பி அழைத்து வாருங்கள். 'பாவம், தூங்கட்டும்' என்று விட்டுவிடக் கூடாது. வெளியே வந்ததும் அவசர உதவியை அழைத்து, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் அதற்கேற்பத் தயாராக வருவார்கள். மூச்சு நின்றவருக்குத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்த பிறகு, தெரிந்தவர்கள் சிபிஆர் தொடங்கலாம்.

மூடிய வராந்தாவுக்குள் ஒருவர் விழுந்து கிடந்தால், அவரைக் காப்பாற்ற ஓடுபவரும் அங்கேயே விழும் அபாயம் அதிகம். வெளியிலிருந்தே கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு, தீயணைப்புத் துறையை உடனே அழையுங்கள். அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும்.

வெளிக்காற்றில் நின்றதும் தலைவலி குறைந்துவிட்டது என்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்கவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். நரம்பு சார்ந்த பாதிப்பு, மறதி, குணமாற்றம் போன்றவை சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்தும் தலைகாட்டுவதுண்டு. மருத்துவரிடம் "ஜெனரேட்டர் புகை" என்று சொல்லி, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். அதன் பெயர் கார்பாக்சிஹீமோகுளோபின் பரிசோதனை. ஆக்சிஜன் கொடுத்த பிறகு எடுத்தால் அளவு இறங்கியிருக்கும் என்பதால், எவ்வளவு நேரம் வெளிக்காற்றில் இருந்தீர்கள், ஆம்புலன்சில் ஆக்சிஜன் எப்போது மாட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.